"நான்" எங்கே, "எனக்கு" எங்கே?

கேள்வி: தில்லியில் பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. போன வருடம் வேலைக்காகக் கோவைக்கு வந்தேன். இந்த மாதம் வாடகை தள்ளிப்போனதால் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில், "சார், எனக்கு இந்த மாத வாடகை 8000 ரூபாய் கொடுக்க வேண்டும். 2 நாள் டைம் வேண்டும். நீங்கள் வர வேண்டாம்" என்று அனுப்பினேன். உடனே போன் வந்தது. "நான் எதுக்குப்பா உனக்கு வாடகை கொடுக்கணும்? என் வீட்டுக்கு நானே வரக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார். சரி, 'எனக்கு' என்பதுதான் தப்பு என்று நினைத்து, "நான் 2 நாள் அவகாசம் வேண்டும்" என்று மறுபடி அனுப்பினேன். அதைப் பார்த்து அலுவலக நண்பர் சிரிக்கிறார். எப்போது 'நான்', எப்போது 'எனக்கு'?

பதில்: உங்கள் வீட்டுக்காரர் வம்புக்கு அப்படிக் கேட்கவில்லை. உங்கள் முதல் வாக்கியத்தைத் தமிழ்க் காது அப்படித்தான் வாங்கிக்கொள்ளும். 'கொடுக்க' என்ற வினை வந்தவுடன் கேட்பவர் மனம் இரண்டு பேரைத் தேடுகிறது: கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? வாங்குபவருக்குத்தான் 'கு' வரும். நீங்கள் 'எனக்கு' என்று எழுதியிருப்பதால் வாங்குபவர் நீங்கள் என்று முடிவாகிவிட்டது. கொடுப்பவர் பெயரை நீங்கள் சொல்லவில்லை. செய்தி அவருக்குப் போயிருக்கிறது என்பதால் அந்த இடத்தில் அவரே தன்னை வைத்துக்கொண்டார். 8000 ரூபாய் கடன் அவர் தலையில் ஏறிவிட்டது.

இரண்டாவது செய்தியில் தவறு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. முதலில் 'நான்' வர வேண்டிய இடத்தில் 'எனக்கு' போட்டீர்கள். அப்புறம் 'எனக்கு' வர வேண்டிய இடத்தில் 'நான்' போட்டுவிட்டீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

'வேண்டும்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பொருள் மட்டும் நின்றால் (தண்ணீர், பணம், அவகாசம், விடுப்பு), தேவைப்படும் ஆள் 'கு' ஏற்று நிற்பார்: எனக்குத் தண்ணீர் வேண்டும், அம்மாவுக்கு மருந்து வேண்டும், எங்களுக்கு 2 நாள் அவகாசம் வேண்டும். கொடுக்க, போக, கட்ட, எழுத என்று ஒரு வினை நின்றால், ஆளின் வேற்றுமையை முடிவு செய்வது 'வேண்டும்' அல்ல, அந்த வினை. ஆகவே 'வேண்டும்' என்பதைக் கொஞ்ச நேரம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த வினையை நிகழ்காலத்தில் சொல்லிப் பாருங்கள். அங்கே ஆள் எப்படி நிற்கிறாரோ, 'வேண்டும்' திரும்பி வந்த பிறகும் அப்படியே நிற்பார்.

'நான் வாடகை கொடுக்கிறேன்' என்போம். ஆகவே 'நான் வாடகை கொடுக்க வேண்டும்.' 'எனக்கு வாடகை கொடுக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, அதனால் உங்கள் வாக்கியமும் நிற்காது. 'நாங்கள் ஊருக்குப் போகிறோம்', ஆகவே 'நாங்கள் ஊருக்குப் போக வேண்டும்.' இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது, விதிவிலக்கு மாதிரித் தெரிபவற்றையும் இது சரியாகப் பிடித்துவிடுவதுதான். 'எனக்கு உண்மை தெரிய வேண்டும்' என்பது சரியான தமிழ். வினை இருந்தும் 'எனக்கு' எப்படி வந்தது? 'எனக்குத் தெரிகிறது' என்றுதான் சொல்கிறோம், 'நான் தெரிகிறேன்' என்றால் கண்ணாடியில் தெரிகிறேன் என்று பொருள் மாறிவிடும். புரிகிறது, பிடிக்கிறது, கிடைக்கிறது, பசிக்கிறது எல்லாம் இந்த வகை. எனக்குப் புரிய வேண்டும், குழந்தைக்குப் பிடிக்க வேண்டும், அவருக்கு வேலை கிடைக்க வேண்டும். இவற்றில் உள்ள 'கு' அந்தந்த வினை கொண்டுவந்தது. 'வேண்டும்' அதில் கைவைக்கவில்லை.

பணம் கொடுக்கல் வாங்கலில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 'எனக்கு 8000 வர வேண்டும்' என்றால் யாரோ உங்களுக்குப் பாக்கி. அங்கே வருவது பணம், நீங்கள் அது வந்து சேரும் இடம். 'நான் 8000 தர வேண்டும்' என்றால் நீங்கள் பாக்கி. கடைக் கணக்கில் வர வேண்டியது, தர வேண்டியது என்று இரண்டு பக்கமாக எழுதுவார்களே, உங்கள் செய்தி ஒரு பக்கத்துத் தொகையை எடுத்து மறுபக்கத்தில் எழுதிவிட்டது.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பது உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கிறது. இந்தியில் 'முஜே பானி சாஹியே' என்றாலும் 'முஜே', 'முஜே கிராயா தேனா ஹை' என்றாலும் அதே 'முஜே'. தண்ணீர் வேண்டும் என்பதற்கும் வாடகை தர வேண்டும் என்பதற்கும் அங்கே ஆள் ஒரே மாதிரிதான் நிற்கிறார். தமிழ் இரண்டையும் பிரிக்கிறது. தில்லி, மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் எழுதுவதில் இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு வேற்றுமை தெரியாது என்று ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்குச் சம்மதமில்லை. வேற்றுமை நன்றாகவே தெரிகிறது, இந்தி வேற்றுமை. கன்னடக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. 'நனகெ நீரு பேக்கு', 'நானு ஹோகபேக்கு' என்று அவர்களும் நம்மைப் போலவே பிரிக்கிறார்கள். கோவையில் உங்களுக்கு மலையாள நண்பர்கள் கிடைத்திருப்பார்கள். அவர்கள் 'எனிக்கு போகணம்' என்றும் சொல்வார்கள், 'ஞான் போகணம்' என்றும் சொல்வார்கள். முதலாவதில் ஆசை தூக்கலாக இருக்கும், இரண்டாவதில் கடமை. அவர்கள் பேச்சைக் கேட்டு உங்கள் தமிழைச் சரிபார்க்காதீர்கள், இன்னும் குழம்பும்.

உடனே நீங்கள் கேட்கலாம்: 'எனக்கு அம்மாவைப் பார்க்கணும்' என்று தமிழர்களே சொல்கிறார்களே? சொல்கிறார்கள். சோதனைப்படி 'நான் பார்க்கிறேன்', ஆகவே 'நான் அம்மாவைப் பார்க்க வேண்டும்' என்றுதான் வர வேண்டும். ஆனால் பேச்சில் ஆசையை, ஏக்கத்தை அழுத்திச் சொல்லும்போது 'எனக்கு' நுழைந்துவிடுகிறது. 'எனக்கு ஆசையாக இருக்கிறது' என்பதன் நிழல் அதில் விழுகிறது என்று நான் நினைக்கிறேன். அழுதுகொண்டே போனில் பேசும் பிள்ளையைத் திருத்த மாட்டேன். ஆனால் பணம், தேதி, பொறுப்பு பற்றிய செய்தியில் இந்த அமைப்பை எடுக்காதீர்கள். ஏனென்றால் அங்கே சொல்ல வருவது ஆசையை அல்ல, கடமையை. கடமைக்கு ஆள் 'கு' இல்லாமல்தான் நிற்பார்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரும் வரும் இடமும் உண்டு. 'எனக்கு நீங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.' இங்கே போடுபவர் 'நீங்கள்', அவருக்குக் 'கு' இல்லை. கையெழுத்து யாருக்காகவோ அவருக்குக் 'கு' இருக்கிறது. இரண்டு ஆளும் வெளிப்படையாக நிற்பதால் குழப்பமே இல்லை. குழப்பம் பிறப்பது ஒருவரை விழுங்கும்போதுதான்.

குறுஞ்செய்தியில் விழுங்கத்தான் செய்வோம். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது இயல்பு. கேள்வி, யாரை விடலாம் என்பதுதான். 'உங்களுக்கு வாடகை 8000 தர வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால், 'நான்' இல்லாமலே வீட்டுக்காரருக்குப் புரிந்திருக்கும். வாங்குபவர் அவர் என்று தெரிந்துவிட்டதால், தருபவர் செய்தி எழுதியவர்தான் என்று தானாக விளங்கும். நீங்கள் செய்தது தலைகீழ். விட்டிருக்கக் கூடாத 'உங்களுக்கு' என்பதை விட்டீர்கள், தேவையில்லாத 'எனக்கு' என்பதை வைத்தீர்கள். கொடு, தா, கட்டு, அனுப்பு, சொல் போன்ற வினைகளில் இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: இடம் போதாவிட்டால் 'நான்' போகட்டும், பெறுபவர் இருக்கட்டும்.

இது தில்லிக்காரர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. நான் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவன். ஒருமுறை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்பு என்னிடம் வந்தது. "குடியிருப்போருக்கு மாதம் 1500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் 10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்." படித்தால் யாரோ குடியிருப்போருக்கு மாதம் 1500 தரப்போகிறார்கள் போலிருக்கும். எழுதியவர் இங்கேயே பிறந்த தமிழர்தான். 'குடியிருப்போருக்கு அறிவிப்பு' என்று தலைப்புப் போட நினைத்து, இடம் மிச்சம் பிடிக்கத் தலைப்பை வாக்கியத்தோடு ஒட்டிவிட்டார். தலைப்பில் 'கு' சரி, ஏனென்றால் அறிவிப்பு அவர்களுக்கு. வாக்கியத்துக்குள் செலுத்துபவர்கள் அவர்கள், அதனால் 'குடியிருப்போர்' என்று வெறுமனே நிற்க வேண்டும். நான் ஓர் உருபை வெட்டினேன், அவ்வளவுதான் வேலை.

'வேண்டும்' ஏன் இப்படி இரண்டு முகம் காட்டுகிறது என்று கேட்டால், அது முதலில் முழு வினை. 'வேண்டு' என்றால் விரும்பு, கேள். இன்றும் 'நான் கடவுளை வேண்டுகிறேன்', 'விடுப்பு வேண்டுவோர் விண்ணப்பிக்கவும்' என்பதில் அந்த உயிர் இருக்கிறது. அங்கே வேண்டுபவர் எழுவாய், அவருக்குக் 'கு' கிடையாது. 'வேண்டும்' என்ற வடிவம் மட்டும் தனியே பிரிந்து, நான், நீ, அவர்கள் யாராக இருந்தாலும் மாறாத துணைச்சொல்லாக உறைந்துவிட்டது. இரண்டும் ஒரே வீட்டில் வாழ்வதைத் திருக்குறளின் 343ஆம் குறளில் பார்க்கலாம்: "அடல்வேண்டும் ஐந்தன் புலத்தை விடல்வேண்டும் வேண்டிய வெல்லாம் ஒருங்கு." முதல் இரண்டு 'வேண்டும்' கடமையைச் சொல்கின்றன. அடுத்து வரும் 'வேண்டிய' என்பது விரும்பியவை. விரும்பியதை எல்லாம் விட வேண்டும் என்பதை ஒரே சொல்லை இரண்டு விதமாகச் சுழற்றிச் சொல்லியிருக்கிறார்.

இதே பொருளில் 'தேவை' என்றும் ஒரு சொல் இருக்கிறது. 'எனக்கு அவகாசம் தேவை', 'எனக்கு அவகாசம் தேவைப்படுகிறது' இரண்டும் சரி. அடுத்த திருத்தத்தில் நீங்கள் 'நான் 2 நாள் அவகாசம் தேவைப்படுகிறேன்' என்று போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 'நான் தேவைப்படுகிறேன்' என்றால் யாருக்கோ நீங்கள் தேவை என்று பொருள். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதுபவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

இனி வீட்டுக்காரரின் இரண்டாவது கோபத்துக்கு வருவோம், அதில்தான் எனக்கு அதிகக் கவலை. 'நீங்கள் வர வேண்டாம்' என்பதில் வேற்றுமைப் பிழை எதுவும் இல்லை. வருபவர் 'நீங்கள்', அவர் சரியாகவே நிற்கிறார். பிழை எதிர்மறையைத் தேர்ந்ததில் இருக்கிறது. 'வேண்டும்' என்பதற்கு எதிர் 'வேண்டாம்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பொருளுக்கு அது சரி: எனக்குக் காபி வேண்டும், எனக்குக் காபி வேண்டாம். வினைக்கு வரும்போது 'வேண்டாம்' பெரும்பாலும் தடுக்கும் சொல்லாகிவிடுகிறது. 'வர வேண்டாம்' என்றால் வராதீர்கள் என்பதன் மெத்தென்ற வடிவம். நீங்கள் சொல்ல நினைத்தது, அவர் அலைய வேண்டிய அவசியம் இல்லை என்பது. அதற்கு 'நீங்கள் வர வேண்டியதில்லை' அல்லது 'நீங்கள் வரத் தேவையில்லை.' இரண்டிலும் 'நீங்கள்' அப்படியே 'கு' இல்லாமல்தான் நிற்கும். 'உங்களுக்கு வரத் தேவையில்லை' என்றும் சிலர் சொல்கிறார்கள். காதுக்கு உறுத்தவில்லை என்றாலும் நான் எழுத மாட்டேன். வயதில் மூத்தவரிடம் என்றால் இன்னும் ஒரு படி இறங்கி, 'நீங்கள் அலைய வேண்டாம் சார்' என்று எழுதலாம். சொல் அதே 'வேண்டாம்'தான். ஆனால் அலைவது அவருக்குச் சிரமம் என்பதால் அந்தத் தடை அக்கறையாக மாறிவிடுகிறது. வருவது அவர் உரிமை, அதைத் தடுத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

வாடகை தள்ளிப்போன கதையில் கடந்த காலமும் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 'வேண்டும்' என்பதற்கு நேரடியான கடந்த கால வடிவம் இல்லை. இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. 'நான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது' என்றால் சூழ்நிலை தள்ளியது, போனீர்கள் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'நான் ஊருக்குப் போயிருக்க வேண்டும்' என்றால் போகவில்லை, அதனால் வருத்தம். ஆகவே 'திடீரென்று ஊருக்குப் போக வேண்டியிருந்தது' என்று காரணம் சொல்லலாம். 'நேற்றே பணம் அனுப்பியிருக்க வேண்டும்' என்று ஆள் இல்லாமல் எழுதிவிடாதீர்கள். 'பேங்க் நேற்றே அனுப்பியிருக்க வேண்டும், பாருங்கள்' என்பதைப் போல, பணம் போயிருக்கும் என்ற ஊகமாகவும் அதைப் படிக்கலாம். அவர் கணக்கைத் திறந்து பார்ப்பார், பணம் இருக்காது, மறுபடி போன் வரும். 'நான் நேற்றே அனுப்பியிருக்க வேண்டும், முடியவில்லை' என்று முடித்துவிட்டால் சந்தேகம் போய்விடும். 'வேண்டியிருக்கிறது', 'வேண்டியிருந்தது' என்பவற்றோடு 'எனக்குப் போக வேண்டியிருந்தது' என்ற வழக்கும் இருக்கிறது, நல்ல எழுத்தாளர்களிடமும் பார்த்திருக்கிறேன். அதைத் தவறு என்று நான் அடிப்பதில்லை. ஆனால் தா, கொடு என்று கைக்குக் கை மாறும் வினைகளைச் சேர்த்து எழுதும் உங்களுக்கு 'நான்' பாதுகாப்பானது.

தட்டச்சு பற்றி ஒரே வரி: 'கு' என்பதற்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். எனக்குப் பணம், எனக்குத் தேவை. 'வரத் தேவையில்லை' என்பதிலும் அப்படியே. செல்பேசியில் விட்டுப்போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள், ஆனால் விண்ணப்பம் எழுதும்போது விடாதீர்கள்.

இனி செய்தியை எழுதிப் பார்ப்போம்.

"சார், வணக்கம். நான் உங்களுக்கு இந்த மாத வாடகை 8000 ரூபாய் தர வேண்டும். திடீரென்று ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் தாமதம். எனக்கு 2 நாள் அவகாசம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை காலை அனுப்பிவிடுகிறேன். நீங்கள் அலைய வேண்டாம்."

ஊருக்குப் போனது நான் சேர்த்த கதை. உங்கள் உண்மைக் காரணத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். 'எனக்கு 2 நாள் அவகாசம் வேண்டும்' என்பது இலக்கணப்படி சரியாக இருந்தும் நான் மாற்றியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாடகை பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்காரரிடம் 'வேண்டும்' என்றால் அது உரிமையாகக் கேட்பது போல ஒலிக்கும். 'கொடுங்கள்' என்றால் கேட்பது போல ஒலிக்கும். 'கிடைக்குமா சார்?' என்றால் இன்னும் தணிவு. சோதனையை மறந்திருக்க மாட்டீர்கள்: 'எனக்குக் கிடைக்கும்' என்பதால் அங்கேயும் 'எனக்கு'தான்.

அவரிடமிருந்து அனேகமாக, "சரிப்பா, வெள்ளிக்கிழமை வந்துடணும்" என்று பதில் வரும். வர வேண்டியவர் நீங்களோ என்று பதறி வெள்ளிக்கிழமை அவர் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தில் அவர் விழுங்கிய எழுவாய், பணம்.